குழந்தை படிக்கும் மூலைக்கு என்ன நிறம்? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையில் வீடுகளுக்கு நிறம் தேர்ந்து கொடுத்து, பெயிண்ட் வேலையை மேற்பார்வை பார்ப்பது என் தொழில். ஏப்ரல், மே வந்தால் போதும், "பிள்ளை ரூமுக்கு என்ன கலர்?" என்ற போன்தான் அதிகம் வரும். பெரும்பாலும் ஐந்து முதல் பத்து வயதுவரை உள்ள பிள்ளைகளுக்காகக் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறேன்.

பையனுக்கு ஏழு வயசு. நீலம் அடிக்கலாமா, பச்சை அடிக்கலாமா? எதுல கவனம் நல்லா நிக்கும்?

இரண்டில் எதை வேண்டுமானாலும் அடிக்கலாம். எந்த நிறம் என்பதைவிட அது எவ்வளவு அடர்த்தி, எவ்வளவு வெளிச்சம் என்பதுதான் முக்கியம். 1994இல் வால்டெஸ், மெஹ்ராபியன் என்ற இரு ஆய்வாளர்கள் நிறங்கள் மனதில் எழுப்பும் உணர்வுகளை அளந்தார்கள். நீலமா சிவப்பா என்ற வேறுபாட்டைவிட, நிறத்தின் அடர்த்தியும் வெளிர்தன்மையுமே உணர்வை அதிகம் மாற்றின. என் அனுபவமும் அதுதான். பளிச்சென்ற மயில் நீலச் சுவர், சாம்பல் கலந்த வெளிர் ரோஜாவைவிடப் பல மடங்கு தொந்தரவு செய்யும்.

ஷேட் கார்டில் ஒரே நிறம் வெளிரிலிருந்து அடர்த்திவரை ஆறேழு கட்டங்களாக இருக்கும். மேசைக்கு எதிரே இருக்கும் முன் சுவருக்கு, வெளிர் பக்கத்தில் இருக்கும் முதல் இரண்டு கட்டங்களைத் தாண்டாதீர்கள். அதிலும் கொஞ்சம் சாம்பலோ மண்ணோ கலந்தது போன்ற வரிசையாகப் பாருங்கள். காய்ந்த வேப்பிலை, மோர், சந்தனம், மழைக்கு முந்தைய வானம் என்று சொல்லத் தோன்றும் நிறங்கள். பல கம்பெனிகள் நிறத்தின் எண்ணோடு எல்ஆர்வி என்ற அளவையும் கொடுக்கின்றன. சுவர் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்பும் என்பதன் அளவு அது. கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100. முன் சுவருக்கு 60 முதல் 75வரை இருந்தால் அறை இருட்டாது, கண்ணும் கூசாது.

எண்ணெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு நான் சொல்லும் வழி ஒன்று உண்டு. அட்டையைக் குழந்தையிடம் காட்டி "இது என்ன கலர்?" என்று கேளுங்கள். உடனே "பச்சை!" என்று கத்தினால் அது முன் சுவருக்கு ஆகாது. "பச்சையா... சாம்பலா..." என்று இழுத்தால் அதை வாங்கலாம்.

நீலம் அமைதி, மஞ்சள் சுறுசுறுப்பு, சிவப்பு கோபம்னு சொல்றாங்களே, அதெல்லாம்?

அந்தப் பட்டியலை நம்பி நான் யாருக்கும் நிறம் சொல்வதில்லை. இதில் புகழ்பெற்ற கதை ஒரு ரோஜா நிறத்தைப் பற்றியது. 1979இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கடற்படைச் சிறை ஒன்றின் அறைக்கு, அலெக்சாண்டர் ஷாஸ் என்பவரின் யோசனைப்படி ரோஜா நிறம் அடித்தார்கள். எட்டுப் பங்கு வெள்ளைக்கு ஒரு பங்கு சிவப்பு. கைதிகளின் முரட்டுத்தனம் குறைந்தது என்று செய்தி பரவி, வேறு பல சிறைகளும் ரோஜா நிறத்துக்கு மாறின. பின்னால், 2015இல் வெளிவந்த சுவிட்சர்லாந்து ஆய்வு ஒன்று முறையாக ஒப்பிட்டுப் பார்த்தபோது அந்த நிறத்துக்கு அப்படி எந்தத் தனிச் சக்தியும் தெரியவில்லை. சிறையில் எடுபடாதது நம் வீட்டுக் கணக்குப் பாடத்தில் எடுபடும் என்று எதிர்பார்க்க முடியாது.

அப்போ வம்பே வேண்டாம், எல்லாச் சுவருக்கும் வெள்ளை அடிச்சிடலாமே?

வேண்டாம். இங்கிலாந்தின் சால்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பீட்டர் பாரெட் குழு 27 தொடக்கப் பள்ளிகளின் 153 வகுப்பறைகளில், 3,766 பிள்ளைகளின் படிப்பு முன்னேற்றத்தை அறைகளின் அமைப்போடு வைத்துப் பார்த்து 2015இல் அறிக்கை வெளியிட்டது. நிற விஷயத்தில் இரண்டு ஓரங்களும் சரிப்படவில்லை. கண்ணைப் பறிக்கும் அறையிலும் முன்னேற்றம் குறைவு, மொட்டையான அறையிலும் குறைவு. சுவர்கள் பொதுவாக வெளிராக இருந்து, ஏதாவது ஒரு சுவரோ பொருளோ எடுப்பான நிறத்தில் இருந்த அறைகள்தான் நன்றாக இருந்தன. ஆனால் அது வகுப்பறை. பல பேர் சத்தமும் நடமாட்டமும் உள்ள இடம். வீட்டு மூலைக்கு அதை அப்படியே பிரதி எடுக்க முடியாது, போக்கை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

நம் ஊருக்கென்று ஒரு காரணமும் இருக்கிறது. இங்கே அடிக்கும் வெயிலில் சுத்த வெள்ளைச் சுவர் மதியம் இரண்டு மணிக்குக் கண்ணாடி மாதிரி கூசும். அதில் பென்சில் கோடும் எண்ணெய்க் கை அடையாளமும் தனியாக எடுத்துக் காட்டும். "தொடாதே, தொடாதே" என்று நாள் முழுக்கக் கத்த வேண்டியிருக்கும். கூரைக்கு வெள்ளை நல்லது, அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

எடுப்பான நிறம் ஒண்ணு இருக்கலாம்னா, எந்தச் சுவர்ல?

குழந்தையின் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரில்.

இதில்தான் பலர் தவறுகிறார்கள். மேசையைப் போட்டு, அதற்கு நேர் எதிரே உள்ள சுவரை "அழகாக" செய்வார்கள், ஏனென்றால் வாசலில் நின்று பார்க்கும் நமக்கு அதுதான் தெரியும். ஒருநாள் நீங்களே குழந்தையின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். ஏழு வயதுப் பிள்ளையின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய மூன்றடி உயரத்தில் இருக்கும். நோட்டிலிருந்து தலையைத் தூக்கினால் முதலில் படுவது மேசைக்கு மேலே மூன்றடி உயரம், நாலடி அகலம் உள்ள ஒரு துண்டுச் சுவர். அந்தத் துண்டு எவ்வளவு சாதுவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பக்கவாட்டுச் சுவர் கொஞ்சம் கூடுதலாகப் பேசலாம். பின்சுவரில் அவர்கள் ஆசைப்படும் நிறம் என்னவாக இருந்தாலும் அடித்துக்கொள்ளலாம்.

எதிர்ல ஏபிசிடி சார்ட், வாய்ப்பாடு, பழங்கள் படம் எல்லாம் ஒட்டியிருக்கோம். பார்த்துக்கிட்டே இருந்தா மனசுல பதியும்னுதான். அதையும் எடுக்கணுமா?

படிக்கும் நேரத்தில் எதிரே இருக்கக் கூடாது. வீட்டில் கடும் எதிர்ப்பு வருவது இந்தப் பதிலுக்குத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் அன்னா ஃபிஷரும் இன்னும் இருவரும் சேர்ந்து 24 மழலையர் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆறு சிறு அறிவியல் பாடங்கள் நடத்தினார்கள். மூன்று பாடங்கள் சார்ட்டும் படங்களும் நிறைந்த அறையில். மற்ற மூன்று, சுவரில் பாடத்துக்குத் தேவையில்லாத எதுவும் இல்லாத அறையில். 2014இல் முடிவுகள் வந்தன. படங்கள் நிறைந்த அறையில் பிள்ளைகள் பாடத்தை விட்டு வேறெங்கோ கவனமாக இருந்த நேரம் 38.6 சதவீதம், வெற்று அறையில் 28.4 சதவீதம். பாடம் முடிந்து கேட்ட கேள்விகளில் சரியான விடைகள் முதல் அறையில் 42 சதவீதம், இரண்டாவதில் 55.

எனக்கு அதில் பிடித்தது வேறொரு செய்தி. வெற்று அறையில் அந்தப் பிள்ளைகள் ஒன்றும் யோகிகளாக மாறிவிடவில்லை. பக்கத்துப் பிள்ளையை நோண்டினார்கள், தன் சட்டைப் பொத்தானைத் திருகினார்கள். அப்படியும் மொத்தக் கணக்கில் கவனம் கூடியது. சுவரில் உள்ள படம் ஒரு நிமிடம்கூட ஓய்வெடுப்பதில்லை, பொத்தான் அலுத்துப்போகும்.

சார்ட்டைக் கிழித்துப் போட வேண்டியதில்லை. சாப்பாட்டு மேசைக்கு எதிரே, பல் தேய்க்கும் இடத்தில், படுக்கைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். மேசைக்கு எதிரே ஒன்றே ஒன்று வேண்டுமென்றால் இந்த வாரம் நடக்கும் பாடத்துக்கான தாள் மட்டும் இருக்கட்டும். மேற்சொன்ன சால்ஃபோர்ட் குழுவும் வகுப்பறைச் சுவரில் 20 முதல் 50 சதவீதம்வரை காலியாக விடச் சொல்கிறது.

பொண்ணு அடர் பிங்க்தான் வேணும்னு அழறா. என்ன பண்றது?

கொடுங்கள், இடத்தை மட்டும் நீங்கள் முடிவு செய்யுங்கள். நாற்காலியின் முதுகு, இழுப்பறையின் உட்பக்கம், பின்சுவர், பென்சில் டப்பா. இழுப்பறையின் உட்பக்கம் என்பதைப் பிள்ளைகள் மிகவும் ரசிக்கிறார்கள், ஏதோ ரகசியம் மாதிரி. எங்கள் வீட்டில் மகள் கேட்டது ஆரஞ்சு. அலமாரிக் கதவின் உள்பக்கம் அடித்துக் கொடுத்தேன். இப்போது கல்லூரிக்குப் போகிறாள், அந்தக் கதவை மாற்ற இன்னும் விடவில்லை.

ஷேட் கார்டுல வெளிரா இருந்துச்சு, சுவர்ல அடிச்சதும் இவ்வளவு அடர்த்தியா வந்துடுச்சு. பெயிண்டர் தப்பா கலந்துட்டாரா?

அநேகமாக இல்லை. சிறு கட்டத்தில் பார்க்கும் நிறம் பெரிய பரப்பில் எப்போதும் அழுத்தமாகத் தெரியும். அதோடு, அறைக்குள் ஒரு சுவரில் பட்ட ஒளி அடுத்த சுவரில் விழுந்து, அங்கிருந்து திரும்பி வரும். ஒவ்வொரு முறையும் நிறம் கொஞ்சம் கூடும். அதனால்தான் மனதுக்குப் பிடித்த கட்டத்தைவிட ஒரு கட்டம் வெளிராக வாங்குங்கள் என்று சொல்கிறேன்.

புடவைக் கடையில் என்ன செய்வோம்? டியூப் லைட்டை நம்பாமல் வாசலுக்கு எடுத்துப் போய்ப் பார்ப்போம் இல்லையா? சுவருக்கு அதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். சின்ன அளவு சாம்பிள் வாங்கி, பெரிய வெள்ளைச் சார்ட் தாளில் இரண்டு கோட்டிங் அடித்து, காய்ந்ததும் அதே சுவரில் குழந்தையின் கண் உயரத்தில் ஒட்டுங்கள். பள்ளிவிட்டு வந்து படிக்க உட்காரும் ஆறு மணிக்கு, படிக்கப் போடும் அதே விளக்கில் பாருங்கள். பகலில் பார்த்து ஓகே சொன்ன நிறத்தை ராத்திரி முழுக்கப் பார்க்கப் போவது குழந்தைதானே.

ஒரு வீட்டுல உண்மையிலேயே எப்படி மாத்தினீங்கனு சொல்ல முடியுமா?

சொல்கிறேன். பத்துக்குப் பதினோரடி அறை, ஒன்பதடி உயரம். மேற்கே ஜன்னல். மேசை வடக்குச் சுவரைப் பார்த்து இருந்தது, எட்டு வயதுப் பையன். வலதுகை எழுத்து, வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வந்தது. அந்த வகையில் சரி, எழுதும் கையின் நிழல் நோட்டில் விழாது. ஆனால் கிழக்குச் சுவர் கிளிப்பச்சை, முன்னால் உள்ள வடக்குச் சுவரில் கார்ட்டூன் ஸ்டிக்கர்கள்.

அம்மாவின் புகார் விசித்திரமாக இருந்தது: "சாயங்காலம் ஆனா அவன் முகமே பச்சையாத் தெரியுதுங்க, நோட்டும் ஒரு மாதிரி இருக்கு." ஐந்து மணிக்குப் போய் நின்றேன். மேற்கு வெயில் நேரே கிழக்குச் சுவரில் விழுந்து, அந்தக் கிளிப்பச்சை அறை முழுக்கத் தெறித்தது. நோட்டின் வெள்ளைத் தாள் வலது ஓரத்தில் பச்சை பூசினாற்போல இருந்தது. எதிர் வெயில் வாங்கும் சுவரில் அடர்நிறம் அடித்தால் நடப்பது இதுதான். ஒரு வெள்ளைத் தாளை மேசையில் வைத்து, இன்னொன்றை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள், உங்கள் வீட்டில் இது இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

ஸ்டிக்கரை எடுத்துப் பசையைத் துடைத்து, குழிகளுக்குப் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டோம். கிளிப்பச்சைக்கு மேல் நேரடியாக வெளிர்நிறம் அடித்தால் மூன்று நான்கு கோட்டிங் போட்டாலும் உள்ளே பச்சை எட்டிப் பார்க்கும். அதனால் முதலில் வெள்ளை பிரைமர் ஒன்று, அதற்கு மேல் எமல்ஷன் இரண்டு. கிழக்குச் சுவருக்கு மோர் நிறம். வடக்குச் சுவருக்குக் காய்ந்த வேப்பிலைச் சாம்பல்பச்சை, எல்ஆர்வி 65க்குப் பக்கத்தில். இரண்டிலும் பளபளப்பு இல்லாத மேட் வகை, ஆனால் கழுவக்கூடியது.

அளவு: வடக்குச் சுவர் 90 சதுர அடி. கிழக்குச் சுவர் 99, கதவுக்கு 21 கழித்தால் 78. இரண்டு கோட்டிங்குக்கு லிட்டருக்கு 60 சதுர அடி என்று வைத்தால் ஒன்றுக்கு ஒன்றரை லிட்டர், மற்றதற்கு 1.3. ஒரு லிட்டர் டப்பாவாக இரண்டிரண்டு வாங்கினோம். ஒரே நிறத்தின் இரண்டு டப்பாக்களையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலந்த பிறகே அடிக்க வேண்டும். மெஷினில் தனித்தனியாகக் கலந்ததில் இம்மி வேறுபாடு இருந்தாலும் சுவரின் நடுவில் கோடு தெரியும். பையனுக்குப் பிடித்த கிளிப்பச்சை என்ன ஆனது? தெற்குச் சுவரில், அவன் முதுகுக்குப் பின்னால், இருக்கிற மூன்றடி அலமாரிக்கு.

விளக்கு மாத்தணுமா?

நிறத்தை முடிவு செய்வதற்கு முன்பே விளக்கை முடிவு செய்யுங்கள். கடையில் மூன்று வகை எல்இடி கிடைக்கும்: மஞ்சளான 3000 கெல்வின், நடுத்தரமான 4000, நீலம் கலந்த வெள்ளை 6500. நம் வீடுகளில் அதிகம் இருப்பது 6500. அதன் கீழ் சந்தன நிறம் செத்துப்போகும், வெளிர் நீலம் ஆஸ்பத்திரி மாதிரி ஆகும். 3000இல் மஞ்சள் இன்னும் மஞ்சளாகி, வெளிர் நீலம் அழுக்குச் சாம்பலாகும். படிக்கும் மூலைக்கு நான் போடுவது 4000.

மேசையின் மேல்பரப்பு?

கறுப்பும் வேண்டாம், பளபளக்கும் வெள்ளையும் வேண்டாம். வெள்ளைத் தாளும் மேசையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. கண் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். தாளின் வெளிச்சம் மேசையைப் போல மூன்று மடங்குக்குள் இருந்தால் கண்ணுக்குச் சிரமம் இல்லை என்பது விளக்கொளித் துறையின் வழக்கமான கணக்கு. கறுப்பு மேசையில் அது எங்கேயோ போய்விடும். பளபளப்பான வெள்ளையில் விளக்கே மேசையில் தெரியும். தேக்கு, பலா மரத்தின் இயல்பான நிறம், மேட் லேமினேட் என்றால் நல்லது. பழைய கறுப்பு மேசைதான் இருக்கிறது என்றால் மேலே ஒரு வெளிர்பழுப்புத் துணியோ விரிப்போ போட்டால் தீர்ந்தது. பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு மட்டும் வேண்டாம், அது இன்னொரு சார்ட்.

வாடகை வீடு. சுவரைத் தொட ஓனர் விட மாட்டார்.

மேசைக்கு எதிரே அந்த நாலடிக்கு மூன்றடி இடத்தை மறைத்தால் போதும். அதே அளவுக்குச் சாஃப்ட்போர்டு வாங்கி, மேலே சாயம் வெளிர்ந்த காதித் துணியோ தறித் துணியோ இழுத்துக் கட்டி, ஆணி அடிக்காமல் மேசைக்குப் பின்னால் சாய்த்து நிறுத்துங்கள். வீடு மாறும்போது கூடவே வந்துவிடும். கோடு போட்ட துணி வேண்டாம், நெருக்கமான கோடுகள் கண்ணில் நெளியும்.

வாஸ்துப்படி இந்தத் திசைக்கு இந்த நிறம்தான்னு சொல்லியிருக்காங்க.

அவர்கள் சொன்ன நிறத்திலேயே வெளிரான, சாம்பல் கலந்த கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சை என்றால் பச்சைதான், கிளிப்பச்சை என்று எந்தப் பெரியவரும் சொன்னதாக நான் கேட்டதில்லை.

பழைய பெயிண்டைச் சுரண்டும்போது குழந்தை பக்கத்துல இருக்கலாமா?

கூடாது, குறிப்பாகப் பழைய ஜன்னல், கதவு எனாமல் என்றால். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016இல் வந்து, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில், அதுவும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில், ஈயம் அதிகம் இருக்க வாய்ப்பு உண்டு. அதைக் காய்ந்தபடி தேய்த்தால் தூசி மேசைமேல் படியும், கைவழியே வாய்க்குப் போகும். தண்ணீர் தொட்டு ஈரமாகத் தேய்க்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் பெருக்காமல் ஈரத்துணியால் இரண்டு முறை துடையுங்கள். புது எமல்ஷன் வாசனை போக ஒரு வாரம் ஜன்னலைத் திறந்துவைத்து, அதுவரை குழந்தை வேறிடத்தில் படிக்கட்டும்.

மாத்தின பிறகு பலன் இருக்கா இல்லையானு எப்படித் தெரியும்?

மாற்றுவதற்கு முன்பே ஐந்து நாள், தினமும் இருபது நிமிடம், வாசல் பக்கம் உட்கார்ந்து பாருங்கள். எத்தனை தரம் தலை தூக்குகிறான், தூக்கினால் பார்வை எங்கே போய் நிற்கிறது என்று மட்டும் ஒரு தாளில் கோடு போடுங்கள். பெயிண்ட் அடித்த முதல் வாரத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள், புதுச் சுவர் என்பதே வேடிக்கைதான். மூன்றாவது வாரம் மறுபடி எண்ணுங்கள். சுவரில் நிற்கும் பார்வை குறைந்திருந்தால் நிறம் வேலை செய்கிறது. ஜன்னலிலும் ஹாலில் ஓடும் டிவியிலும் நிற்கிறது என்றால் அடுத்து மாற்ற வேண்டியது பெயிண்ட் இல்லை. மேலே சொன்ன வீட்டில் அப்படித்தான் ஆனது. சுவர் சரியானதும், பையன் தலை தூக்கிய நேரமெல்லாம் ஹாலில் தாத்தாவின் சீரியல் சத்தம் வந்த நேரமாக இருந்தது. தாத்தாவுக்கு ஒரு ஹெட்போன் வாங்கிக் கொடுத்தார்கள்.